பூட்டிய கதவுக்கு முன்னால்: வள்ளலாரின் கடைசி நூறு நாட்களை ஓர் அத்தியாயமாக எழுதுவதற்கு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் எம்.ஏ., எம்.ஃபில். மாணவர்கள் சிலருக்கும், சொந்த ஆர்வத்தில் எழுத வந்த இரண்டு மூன்று பெரியவர்களுக்கும் கூட உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். சமயச் சீர்திருத்தவாதி ஒருவரின் வாழ்க்கையை விமர்சன நோக்கில் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் வள்ளலாரைத்தான் எடுக்கிறார்கள். எல்லோரும் வழுக்கி விழுவதும் ஒரே இடத்தில்தான்: அவர் உள்ளே சென்றபின் சாத்தப்பட்ட மேட்டுக்குப்பத்து அறைக் கதவு. ஆகவே அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்து, என்ன வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

திருவருட்பாவின் ஒரு நல்ல பதிப்பு வேண்டும். பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பும் ஊரன் அடிகள் பதிப்பும் வேறுவேறு விதமாக அடுக்கப்பட்டவை. முடிந்தால் இரண்டும் வேண்டும். வள்ளலாரின் கடிதங்களும் உரைநடையும் அடங்கிய தொகுதி வேண்டும். தொழுவூர் வேலாயுத முதலியார் 1882-இல் பிரம்மஞான சபையிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகல், 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரில் வடலூர் வரும் பக்கங்கள், பின்னால் வந்த வாழ்க்கை வரலாறுகளில் இரண்டோ மூன்றோ. இவ்வளவு போதும்.

அப்புறம் ஒரு கட்டு சீட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம். ஒரு ஜூன் மாதம் ஏற்காட்டில் நண்பர் வீட்டில் உட்கார்ந்து நாற்பது சீட்டு மைப்பேனாவில் எழுதினேன். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியதில் மூடுபனி உள்ளே வந்து, காலையில் பாதிச் சீட்டுகளில் தேதிகள் ஊறிப் பரவிக் கிடந்தன. தேதி போன சீட்டு எதற்கும் உதவாது.

2. முதலில் காலத்தை வெட்டுங்கள்

"வள்ளலார்: வாழ்வும் பணியும்" என்று ஒரு அத்தியாயம் எழுத முடியாது. 1823-இல் மருதூரில் பிறந்தது முதல் ஆரம்பித்தால், சத்திய தருமச்சாலைக்கு (1867) வந்து சேர்வதற்குள் பக்கம் தீர்ந்துவிடும். கடைசிப் பகுதி இரண்டு பத்தியில் ஒடுங்கும்; அவசரத்தில் கிடைத்த கதையை எழுதி முடித்துவிடுவீர்கள்.

இந்த அத்தியாயத்துக்கு நான் சொல்லும் எல்லை: 1873 அக்டோபர் 22 முதல் 1874 ஜனவரி 30 வரை. முதல் நாள், மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் கொடி கட்டி அவர் நிகழ்த்திய பேருபதேசம். கடைசி நாள், அறைக்குள் சென்றது. நடுவே சரியாக நூறு நாள். இரண்டு முனையும் சன்மார்க்கத்தார் இன்றும் நாள் குறித்து நினைவுகூரும் நிகழ்வுகள் என்பதால் பிடி நழுவாது.

இப்படி வெட்டும்போது ஆறுமுக நாவலருடனான தகராறு வெளியே போய்விடும். மாணவர்களுக்கு மனசே வராது. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வள்ளலார் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்ற கதையை எப்படியாவது நுழைக்கப் பார்ப்பார்கள். அது வேறு அத்தியாயம். அதற்கு வேறு மூலங்கள் வேண்டும், வேறு சண்டைகள் உண்டு.

3. நாட்காட்டியைச் சரிசெய்யுங்கள்

மூலங்களைப் படிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். தேதி தப்பானால் எந்த மூலம் எதற்கு முன், எதற்குப் பின் என்பதே குழம்பிவிடும்.

அன்பர்களின் பதிவுகள் தமிழ் ஆண்டில் இருக்கும்: பேருபதேசம் ஸ்ரீமுக ஆண்டு ஐப்பசி 7, புதன்கிழமை. அறைக்குள் சென்றது அதே ஸ்ரீமுக தை 19, வெள்ளிக்கிழமை. இதை ஆங்கிலத் தேதியாக்கும்போது புதியவர்கள் இரண்டு தப்பு செய்கிறார்கள்.

முதல் தப்பு, "ஸ்ரீமுக என்றால் 1873" என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டு தை மாதத்தையும் 1873-இல் போடுவது. ஸ்ரீமுக ஆண்டு 1873 ஏப்ரலில் பிறந்து 1874 ஏப்ரல் வரை ஓடியது. அதன் தை மாதம் 1874-இல்தான் விழும்.

இரண்டாவது தப்பு இன்னும் நைசானது. இன்றைக்குப் பொங்கல் ஜனவரி 14 அல்லது 15 என்பதால், அங்கிருந்து எண்ணி, தை 19 என்பது பிப்ரவரி 1 என்று எழுதிவிடுவார்கள். நம் சூரிய மாதங்கள் ஆங்கில நாட்காட்டியோடு மெல்ல நகர்ந்துகொண்டே வருகின்றன. 1874-இல் தை பிறந்தது ஜனவரி 12-இல். அங்கிருந்து எண்ணினால் தை 19 என்பது ஜனவரி 30.

சரியா என்று பார்க்கக் கிழமைதான் வழி. 1874 ஜனவரி 30 வெள்ளிக்கிழமை, பதிவோடு பொருந்துகிறது. 1874 பிப்ரவரி 1 ஞாயிறு, 1873 ஜனவரி 30 வியாழன், இரண்டும் பொருந்தவில்லை. 1873 அக்டோபர் 22 புதன், பொருந்துகிறது. உங்களுக்கு வரும் ஒவ்வொரு தேதியையும் இப்படிக் கிழமையோடு உரசிப் பாருங்கள். கிழமை இடித்தால் எங்கோ யாரோ தப்பாக மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

4. ஒவ்வொரு மூலத்துக்கும் ஐந்து கேள்வி

ஒரு மூலத்துக்கு ஒரு சீட்டு. அதில் ஐந்து விஷயம் மட்டும்: யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவர் அன்று எங்கே இருந்தார், யாரிடம் சொன்னார், எதற்காகச் சொன்னார். சீட்டுகளை மூலம் பிறந்த ஆண்டு வரிசையில் மேசையில் பரப்புங்கள், நிகழ்ச்சி வரிசையில் அல்ல. கதை எந்த ஆண்டில் வளர்ந்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பேருபதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவர் கைப்பட எழுதிய உரை என்று நினைத்து, மேற்கோள் குறிக்குள் "வள்ளலார் கூறினார்" என்று போடுகிறவர்கள் அதிகம். அது வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, கேட்டவர் குறித்து வைத்தது. முன்பு சைவ சமயத்தில் தமக்கு இருந்த பற்று அளவில்லாதது, இப்போது அதை விட்டுவிட்டேன் என்ற கருத்து அதில் வருகிறது. ஆறாம் திருமுறைப் பாடல்களிலும் சமய, சாதி வேறுபாடுகளை அவர் கைவிட்டது தெரிவதால் கருத்தை நம்பலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சொல்லை வைத்து வாதம் கட்டாதீர்கள். அந்தச் சொல் கேட்டவருடையதாக இருக்கலாம்.

கடிதங்கள் அப்படியல்ல. அவரே எழுதியவை, ஊரைக் கூட்டிச் சொன்ன பேச்சும் அல்ல. பாடல்கள் அச்சாவதற்கு முன், இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதியதில், தம் பெயரை இராமலிங்கசாமி என்று போடுவதில் தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்கிறார். இது நம் நூறு நாளுக்கு முந்தையதுதான். ஆனாலும் சீட்டு போட்டு வையுங்கள். ஐந்தாம் படியில் தேவைப்படும்.

வாய்மொழிக் கதையையும் சீட்டில் ஏற்றுங்கள், அதே ஐந்து கேள்வியோடு. அம்மாப்பேட்டையில் நெசவுக்காரர் வீடு ஒன்றில், பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருக்க, ஒரு சன்மார்க்கப் பெரியவர் எனக்கு விவரித்தார்: "கலெக்டரு குதிரையில வந்து எறங்கி, கதவத் தொறந்து பாத்தாரு கண்ணு. உள்ள ஒண்ணுமில்ல. பச்சைக் கற்பூர வாசம்தான்." அவருக்கு அது அவர் அப்பா சொன்னது. ஐந்து கேள்வியையும் கேட்டால், 1874-இல் என்ன நடந்தது என்பதற்கு இது சான்றாக நிற்காது. சேலத்தில் ஒரு நெசவாளர் குடும்பம் இரண்டு தலைமுறையாக அந்த நாளை எப்படி மனதில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அத்தியாயத்தின் கடைசியில் அதற்கு இடம் உண்டு.

5. ஆளுக்கு மதிப்பெண் போடாதீர்கள், வாக்கியத்துக்குப் போடுங்கள்

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. "வேலாயுத முதலியார் நேரடிச் சீடர், ஆகவே நம்பலாம்" என்று ஒருவர் எழுதுவார். "பிரம்மஞான சபைக்காகப் பேசியவர், ஆகவே தள்ளலாம்" என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டும் சோம்பேறித்தனம். ஒரே ஆள் ஒரே நாளில் சொன்ன நான்கு வாக்கியம் நான்கு தரத்தில் இருக்கலாம்.

1882 வாக்குமூலத்தைப் பிரித்துப் பார்ப்போம். சொன்னவர் 1867-இல் திருவருட்பாவைத் தொகுத்து வெளியிட்ட முதன்மைச் சீடர். வாக்குமூலம் கொடுத்தபோது சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். நிகழ்ச்சி நடந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது. கேட்டவர்கள் பிரம்மஞான சபையார்.

முதல் செய்தி, ஆளின் தோற்றம். நடுத்தரத்துக்குச் சற்று மேலான உயரம், எலும்புக்கூடு போன்ற மெலிவு, ஆனால் வலுவான உடல், நிமிர்ந்து வேகமாக நடப்பார், பெரிய ஒளிமிக்க கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துயரம். நெடுநாள் பழகியவர் சொல்வது. பொய் சொல்ல இதில் ஆதாயம் இல்லை. சித்தரைப் புகழ வந்த ஒருவர், "முகத்தில் ஆனந்தம்" என்று சொல்லாமல் துயரம் என்கிறார். வழக்கத்துக்கு எதிராக நிற்கும் விவரம் பெரும்பாலும் நினைவிலிருந்து வருவது. நான் இதை உயர்ந்த தரத்தில் வைப்பேன்.

இரண்டாவது, தீர்க்கதரிசனம். உலகச் சகோதரத்துவத்தைப் போதிக்க ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று வள்ளலார் முன்பே சொன்னார் என்கிறார். பிளவாட்ஸ்கி அம்மையார் ரஷ்யர், ஆல்காட் அமெரிக்கர். இருவரும் சபையை 1875-இல் நியூயார்க்கில் தொடங்கி, 1879-இல் இந்தியா வந்தவர்கள். அவர்கள் வந்தபின், அவர்களிடமே சொல்லப்பட்ட முன்னறிவிப்பு இது. அவர்கள் வருவதற்கு முன் எழுதப்பட்ட ஒரு தாளில் இதே செய்தி கிடைத்தால் ஒழிய, வள்ளலார் சொன்னதாக இதை எழுத முடியாது. "1882-இல் வேலாயுத முதலியார் தம் குருவைப் புதிய சபையோடு இப்படி இணைத்தார்" என்று எழுதலாம். அது உறுதியான உண்மை, சுவாரசியமானதும் கூட.

மூன்றாவது, கடைசி நாள். ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் குருவைக் கடைசியாகப் பார்த்தோம், அவர் விடைபெற்று அறைக்குள் சென்று படுத்தார், கதவு பூட்டப்பட்டது, இருந்த ஒரே திறப்பும் சுவர் வைத்து அடைக்கப்பட்டது என்கிறார். தேதி, நாம் தமிழ் நாட்காட்டியிலிருந்து பிடித்ததோடு ஒத்துப்போகிறது. "பார்த்தோம்" என்ற பன்மையைக் கவனியுங்கள். தாமே பார்த்தாரா, அங்கிருந்தவர்கள் சார்பில் பேசுகிறாரா என்பதை அந்தச் சொல் முடிவுகட்டாது. நடுத்தரம்.

நான்காவது, ஓராண்டு கழித்துத் திறந்தார்கள், அறை வெறுமையாக இருந்தது என்பது. யார் திறந்தார், யார் பார்த்தார் என்று ஆள் யாரையும் சுட்டவில்லை. அதற்கு முந்தையதைவிட ஒரு படி கீழே வையுங்கள்.

கடிதச் சீட்டு தேவைப்படுவது இப்போதுதான். ஆரவாரப் பெயர் வேண்டாம் என்று அவர் எழுதியிருக்க, நூல் வெளிவந்தபோது "திருவருட்பிரகாச வள்ளலார்" என்ற பட்டம் ஏறியிருந்தது. ஏற்றியவர் இதே வேலாயுத முதலியார். அதற்காக அவர் சொல்வதெல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குருவை உயர்த்திக் காட்டும் பழக்கம் 1882-க்கும் பதினைந்து ஆண்டு முன்பே அவரிடம் இருந்தது என்பது தெரிகிறது. எந்தத் திசையில் அவர் சாய்வார் என்று தெரிந்தால், சாயாத வாக்கியத்தை அடையாளம் காணலாம்.

6. யார் யாரைப் பார்த்து எழுதினார்

பின்னால் வந்த வரலாறுகள் பத்து இருந்து, பத்தும் ஒன்றையே சொன்னால் பத்துச் சான்று ஆகாது. ஒன்பது பேர் ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி, பிழையைப் பின்தொடர்வது. ஒரு நூலில் தப்பான கிழமை, தப்பான ஊர்ப்பெயர் இருந்து, அதே தப்பு அடுத்த நூலிலும் இருந்தால், இரண்டாவது முதலாவதின் நகல்தான். நகல் என்று தெரிந்ததும் அந்தச் சீட்டை மூலச் சீட்டின் கீழே செருகிவிடுங்கள், தனியாக எண்ணாதீர்கள்.

என் மேசையில் ஒருமுறை பதினேழு சீட்டு பரப்பியிருந்தோம். செருகி முடித்தபோது ஐந்துதான் மிஞ்சியது. மாணவிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஐந்தை வைத்துத்தான் அவர் நல்ல அத்தியாயம் எழுதினார்.

7. கதவு: மூலங்கள் மோதும் இடம்

இப்போது கதவுக்கு வருவோம். வேலாயுத முதலியார் 1882-இல்: ஓராண்டு கழித்துத் திறந்தார்கள், காலியாக இருந்தது. பிரான்சிஸின் கெசட்டியர் 1906-இல்: அறையைச் சில காலம் திறக்க வேண்டாம் என்று சீடர்களிடம் சொல்லிப் பூட்டிக்கொண்டார், பின் யாரும் அவரைக் காணவில்லை, அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. பிற்கால வரலாறுகளும் வாய்மொழியும்: கலெக்டர் வந்து திறந்து பார்த்தார்.

புதியவர் செய்யும் முதல் காரியம் மூன்றையும் சமாதானப்படுத்துவது. "கலெக்டர் திறந்தார், காலியாக இருந்தது, மறுபடி பூட்டினார்கள், அதனால் 1906-இல் பூட்டியிருந்தது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை எந்த மூலமும் சொல்லவில்லை; சொன்னவர் நீங்கள். மூன்று கதை இருந்த இடத்தில் நான்காவது ஒன்றைப் பிறப்பித்துவிட்டீர்கள். அடுத்து எழுதுகிறவர் உங்களைப் பார்த்து எழுதுவார்.

இரண்டாவது காரியம், "அரசாங்கப் பதிவு" என்று கெசட்டியருக்குக் கிரீடம் வைப்பது. அது நடந்து முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, நேரில் பார்க்காத ஓர் அதிகாரி தொகுத்தது. நம் சேலம் மாவட்டத்துக்கு லீ ஃபானு 1883-இல் எழுதிய கையேட்டையும் ரிச்சர்ட்ஸ் 1918-இல் எழுதிய கெசட்டியரையும் புரட்டிப் பாருங்கள். நில வரிக் கணக்கு அலுவலகத் தாளிலிருந்து வரும். கோயில் கதை ஊரார் வாயிலிருந்து வரும். இரண்டும் ஒரே அட்டைக்குள் ஒரே எழுத்தில் அச்சாகியிருக்கும். பிரான்சிஸ் விஷயத்திலும் அப்படியே. "மீண்டும் வருவார் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்" என்பது ஊர்ப்பேச்சு. "அறை இன்னும் பூட்டியிருக்கிறது" என்பது அவர் எழுதிய காலத்தில் போய்ப் பார்த்தால் தெரியும் செய்தி. ஆகவே அதற்குச் சற்று எடை அதிகம். அதுவும் 1906 நிலவரத்துக்கான எடைதான், 1874-க்கு அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது, மூன்றும் ஒத்துப்போகும் பகுதியைக் கோடு போட்டுப் பிரிப்பது: அறைக்குள் சென்றார், கதவு சாத்தப்பட்டது, அதன்பின் அவரை யாரும் கண்டதாக இவற்றில் எதுவும் சொல்லவில்லை. பிறகு மோதலை மோதலாகவே வாசகருக்குக் காட்டுங்கள்.

கொலை செய்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. சில மாணவர்கள் பகுத்தறிவோடு எழுதுவதாக நினைத்து அதைச் சேர்ப்பார்கள். ஜோதியில் கலந்தார் என்பதற்குக் கேட்ட அதே ஐந்து கேள்வியை இதற்கும் கேளுங்கள். அந்தக் காலத்துச் சாட்சி ஒருவரைக் காட்ட முடியாவிட்டால், இதுவும் பிற்காலக் கதைதான்.

8. பாடலைச் சாட்சிக்கு அழைக்கும்போது

"பாவியேன்", "நாயேன்" என்றெல்லாம் அவர் பாடுவதை வைத்து இளமையில் வழி தவறினார் என்று எழுதாதீர்கள். தேவாரம், திருவாசகம் தொட்டு வரும் பக்தி மரபு அது. மாறாக, ஆறாம் திருமுறையின் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, எதற்கெல்லாம் பயந்தேன், நடுங்கினேன் என்று விவரமாகச் சொல்கிறார். மரபு வாய்பாட்டை மீறும் அந்த விவரங்களைப் பயன்படுத்தலாம்.

ஆறாம் திருமுறையில் இன்னொரு பள்ளம் உண்டு. அது அச்சில் வந்தது 1885-இல், அவர் மறைந்த பிறகு. பதிப்பில் கடைசியாக இருக்கும் பாடல் கடைசியாகப் பாடியது என்று எடுத்துக்கொண்டு, அதை 1874 ஜனவரியில் பொருத்தாதீர்கள். வரிசை பதிப்பாசிரியர் தீர்மானித்தது. இரண்டு பதிப்பு வேண்டும் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்: ஒரே பாடல் இரண்டிலும் வேறு இடத்தில் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே கை நடுங்கும்.

9. எழுதும்போது: வினைச்சொல்லில் கவனம்

தமிழில் இதற்கு வசதி அதிகம். "சென்றார்" என்றால் நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். "சென்றார் என்கிறார்" என்றால் சாட்சி பொறுப்பு. "சென்றதாகச் சொல்லப்படுகிறது" என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. இந்த மூன்றாவதைத் தவிருங்கள். யார் சொன்னார் என்று தெரிந்துகொண்டே அதை மறைக்கும் வாக்கியம் அது. உயர் தரச் செய்திக்கு முதல் வடிவம், மற்றதுக்கெல்லாம் பெயரும் ஆண்டும் சேர்த்து இரண்டாம் வடிவம். அடிக்குறிப்பில் மட்டும் ஒளித்து வைக்காமல், ஆண்டை வாக்கியத்துக்குள்ளேயே போடுங்கள்.

கதவுப் பத்தி ஏறத்தாழ இப்படி வரும்:

"ஸ்ரீமுக ஆண்டு தை 19, வெள்ளிக்கிழமை (1874 ஜனவரி 30) இராமலிங்கர் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்றார், கதவு சாத்தப்பட்டது. ஓராண்டுக்குப் பின் திறந்தபோது அறை வெறுமையாக இருந்தது என்கிறார், 1882-இல் பிரம்மஞான சபையாரிடம் பேசிய வேலாயுத முதலியார்; திறந்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. 1906-இல் பிரான்சிஸ், அறை அப்போதும் பூட்டியிருந்ததாக எழுதுகிறார். கலெக்டர் திறந்து பார்த்தார் என்பது அன்பர்களிடையே வழங்கும் வரலாறு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போதிய சான்று இந்த மூலங்களில் இல்லை."

இதில் சித்தி, சமாதி, மரணம், மறைவு என்ற நான்கு சொல்லும் இல்லை என்பதைப் பாருங்கள். நான்கிலும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. நான் மேலே எட்டாம் படியில் "மறைந்த பிறகு" என்று எழுதியதைக் கவனித்தீர்களா? அப்படித்தான் வழுக்கும். எழுதி முடித்தபின் பென்சிலோடு இந்தச் சொற்களை மட்டும் ஒருமுறை தேடுங்கள்.

10. அச்சுக்கு முன் இரண்டு பேரிடம் படித்துக் காட்டுங்கள்

ஒரு சன்மார்க்க அன்பர், ஒரு நாத்திக நண்பர். கருத்துக் கேட்க அல்ல. இருவரும் எந்த வாக்கியத்தில் நிறுத்துகிறார்கள் என்று பார்க்க. இருவரும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தினால் அங்கே நீங்கள் மூலத்தைத் தாண்டிப் பேசியிருக்கிறீர்கள். ஒருவர் மட்டும் நிறுத்தினால், அந்த வாக்கியத்தின் சீட்டை எடுத்துத் தரத்தைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் மாற்ற வேண்டாம்.

அம்மாப்பேட்டைப் பெரியவரிடம் மேலே இருக்கும் பத்தியைப் படித்துக் காட்டினேன். கலெக்டர் வரியில் தறியை நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். "எங்கப்பா சொன்னதுன்னு போடு கண்ணு, அன்பர்கள்னு மொத்தமா போடாத" என்றார். ஊரும் தலைமுறையும் சேர்த்து அந்த வாக்கியத்தைத் திருத்தினோம்.